இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்

மாலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற டீச்சர் எதையும் மறப்பவள் இல்லை. மாணவர்கள் இதை ஞாபகசக்தி என்பார்கள். அவளுடைய தம்பி இதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தான். அக்கா பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும் சொல்வான்.

பகலெல்லாம் கடைகளிலும் அலுவலகங்களிலும் நின்று களைத்தவர்கள் மாலையில் வந்து உட்காரும் கல்லூரி அது. முன்வரிசை பாடத்தைக் கவனிக்கும், கடைசி வரிசை கொட்டாவி விடும், நடுவரிசை இரண்டையும் மாறிமாறிச் செய்யும். டீச்சர் அங்கே பல வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுக்கிற அலுவலக கிளார்க், "இன்னுமா டீச்சர் நீங்க டெம்பரரி?" என்று ஒவ்வொரு ஆண்டும் புத்தம்புதிதாக ஆச்சரியப்படுவார். அவளும் ஒவ்வொரு ஆண்டும் புத்தம்புதிதாகச் சிரிப்பாள். கதவுக்கு வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள், அடுத்த ஆண்டுக்கு ஆகும் என்று.

அவளை டெம்பரரியாக நிறுத்தி வைத்தவர் ஒருவர் உண்டு. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். மேடை கிடைத்தால் போதும், "நெனச்சா அஞ்சே வருஷத்துல முடியும்" என்று முடிப்பார். வறுமை ஒழிப்பு, தொழில் பெருக்கம், நூலகத்துக்கு வெள்ளையடிப்பது, எல்லாவற்றுக்கும் அவரிடம் அதே கெடுதான். அதனால் ஊரில் அவருக்கு ஐந்தாண்டு என்று பெயர். அவருக்கும் அது தெரியும். புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஐந்தாண்டுதான் தேர்வாளர். கொரியாவிலும் தைவானிலும் அரசின் கையில் இருந்த வங்கிகள் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுத்த விதத்தை ஒப்பிட்டு எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்றார். அறிக்கையில், "இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்" என்று எழுதினார். அவள் ஜப்பானைச் சேர்த்தாள். மறுபடியும் அதே வாசகம். சிங்கப்பூரைச் சேர்த்தாள். மறுபடியும். நாடுகளைச் சேர்த்துச் சேர்த்து அவள் ஒரு சின்ன ஐக்கிய நாடுகள் சபையையே கட்டி முடித்தபோது, பல்கலைக்கழகத்தில் காலியாக இருந்த நிரந்தர வேலை காலியாக இல்லை. ஐந்தாண்டின் சொந்த மாணவன் அதில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஆய்வேட்டில் ஒரே ஒரு நாடுதான் இருந்தது. சரியாகச் சொன்னால் அதிலும் வடக்குப் பகுதி மட்டும்.

அதற்குப் பிறகு பட்டம் கிடைத்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு வருகிற அழைப்பிதழ் மாதிரி.

அவள் அழவில்லை, கத்தவில்லை, யாரிடமும் முறையிடவில்லை. மனசுக்குள் ஒரு மூலையில் அதை வைத்துத் தினமும் தூசி தட்டினாள். அவ்வளவுதான்.

*

எடிட்டரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போது இருமல் மருந்து வாசனை கூடவே ஏறி வரும். புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். காலாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆய்விதழ் நடத்திவந்தார். படிப்பவர்கள் குறைவு, மதிப்பு அதிகம். பெயரை மறைத்து வல்லுநர்களிடம் கொடுத்து மதிப்பிட்ட பிறகே கட்டுரை போடுகிற பத்திரிகை அந்த நாட்டில் அது ஒன்றுதான்.

"டீச்சர், வளர்ச்சி அரசு பத்தி ஒரு கட்டுரை வந்திருக்கு," என்றார். "நீங்கதான் பாக்கணும். பேரெல்லாம் எடுத்துட்டேன். எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியாது."

அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள். "ஐந்தே ஆண்டுகளில்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில், "இக்கட்டுரையாளர் முன்னரே ஐயந்திரிபற நிறுவியபடி" என்று இருந்தது.

"தெரியலையே சார்," என்றாள்.

"எனக்கும் மறந்துபோச்சு," என்றார் எடிட்டர்.

இருவரும் டீ குடித்தார்கள். எடிட்டர் நேர்மையான மனிதர். ஆனால் நேர்மைக்கு நடுவே ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார். தேவைப்பட்டால் காற்று வரட்டும் என்று. அதன் வழியாக இப்போது கொஞ்சம் காற்று வந்தது. அமைச்சகம் தொழில் வளர்ச்சி வாரியம் ஒன்று அமைக்கப்போகிறது. ஆண்டு முடிவதற்குள் தலைவரை நியமிப்பார்கள். இந்தப் பொருளில் மதிப்பீடு செய்யப்பட்ட புதிய கட்டுரை ஒன்று தலைவருக்கு இருக்கவேண்டும் என்று விதி. பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று எடிட்டர் சொல்லவில்லை. "அந்தப் பேரு எனக்கு மறந்துபோச்சு," என்று மறுபடியும் சொன்னார்.

"ரெண்டாவது மதிப்பீட்டாளர் யாரு சார்?"

"வெளிநாட்டுல இருக்கறவரு. உங்களுக்குத்தான் தெரியுமே, அவருக்கு சமையல் குறிப்பு அனுப்பினாலும் 'நன்று'ன்னு எழுதிடுவாரு."

ஆக, வாரியத்துக்கும் ஐந்தாண்டுக்கும் நடுவே நிற்பது அவள் ஒருத்திதான். கட்டுரையைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது, இத்தனை வருஷமாகத் தூசி தட்டி வைத்திருந்த சாமானுக்கு ஒரு உபயோகம் வந்துவிட்டது என்பதில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பழிவாங்கும் வாய்ப்பு மனிதர்களை எவ்வளவு இளமையாக்குகிறது என்று மருத்துவர்கள் ஏன் இன்னும் எழுதவில்லை என்று தெரியவில்லை.

முதல் யோசனை, "நிராகரிக்கிறேன்" என்று ஒரே சொல் எழுதி அனுப்புவது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே அதில் ஓட்டை இருப்பது தெரிந்துவிட்டது. எடிட்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நன்று, ஒருவர் நிராகரிப்பு என்றால் கட்டுரை மூன்றாமவரிடம் போகும். இந்தப் பொருளில் மூன்றாமவர் என்று நாட்டில் இருப்பவன் அந்த வடக்குப் பகுதிக்காரன். அவன் குருநாதர் எழுத்து என்று மோப்பம் பிடித்துத் தலைமேல் தூக்கிவைத்து ஆடிவிடுவான். அதுவே "திருத்தி அனுப்புக" என்று எழுதினால் கட்டுரை வேறு யாரிடமும் போகாது. திருத்தத் திருத்தத் திரும்பத் திரும்ப அவளிடமே வரும், அவள் திருப்தி அடையும் வரைக்கும்.

அவள் சீக்கிரம் திருப்தி அடைகிற பெண் இல்லை.

*

கட்டுரைக்கு "வளர்ச்சி அரசு: ஏழு படிகள்" என்று தலைப்பு. வளர்ச்சி அரசு என்றால் என்ன என்று அவர் விளக்கியிருந்த பகுதியில் குற்றம் சொல்ல முடியவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகட்டி நிற்கிற அரசு ஒரு வகை. எல்லாத் தொழிலையும் தானே எடுத்து நடத்துகிற அரசு இன்னொரு வகை. வளர்ச்சி அரசு இரண்டும் இல்லை: தொழில் முதலாளிகளின் கையிலேயே இருக்கும், ஆனால் எந்தத் தொழில் வளரவேண்டும் என்பதை அரசு தேர்ந்தெடுத்து, மலிவுக் கடனும் இறக்குமதிப் பாதுகாப்பும் கொடுத்து, அந்தத் திசையில் தள்ளிக்கொண்டு போகும். ஜப்பான், தென்கொரியா, தைவான் மூன்றும் இப்படித்தான் ஒரு தலைமுறைக்குள் எழுந்து நின்றன. தேர்வெழுதி வந்த, அடிக்கடி மாற்றப்படாத திறமையான அதிகாரிகள். எல்லாத் துறைக்கும் வழிகாட்ட ஒரு தலைமை நிறுவனம். முதலாளிகளோடு நெருங்கிய பேச்சு. இதையெல்லாம் படிப்படியாக அடுக்கி, ஏழாவது படியில் நின்று, "எந்த நாடும் ஐந்தே ஆண்டுகளில் இதை நகலெடுக்கலாம்" என்று அறிவித்திருந்தார்.

டீச்சர் பேனாவைத் திறந்தாள்.

"கட்டுரையாளர் ஜெயித்த மூன்று நாடுகளை எடுத்துக்கொண்டு, மூன்றிலும் பொதுவாக இருந்ததையெல்லாம் ஜெயித்ததற்குக் காரணம் என்கிறார். பரிசு வாங்கிய மூன்று பேரும் கண்ணாடி போட்டிருந்தார்கள், ஆகவே கண்ணாடி போட்டால் பரிசு என்று சொல்வது போல இருக்கிறது. தோற்றவர்களில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்று பார்த்தாரா? கொரியாவுக்கும் தைவானுக்கும் கிடைத்த உதவிகளில் பலவற்றைப் பெற்றும் எழாத ஒன்றை எடுத்து ஒப்பிட்டால்தான் எது காரணம், எது கூடவே வந்த அலங்காரம் என்று தெரியும். இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்."

கடைசி வரியை எழுதிவிட்டு அதை ரசித்துப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்து எடிட்டருக்கு அனுப்பினாள்.

கட்டுரை திரும்பி வர மாதம் ஒன்று ஆயிற்று. பிலிப்பைன்ஸைச் சேர்த்திருந்தார். அவளே எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பாள் என்பதால் முகம் சுளித்தாள். ஐம்பதுகளில் கொரியாவைவிட வசதியாக இருந்த நாடு. படித்தவர்கள் இருந்தார்கள், திட்டமிடும் அமைப்பு இருந்தது, அமெரிக்க உதவியும் அமெரிக்கச் சந்தையும் இருந்தன. இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். ஆனால் நிலத்தை வைத்திருந்த குடும்பங்களே தொழிலையும் பிடித்துக்கொண்டன. அரசாங்கத்திலும் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே சாப்பாட்டு மேஜையில். கொரியா, தைவான், ஜப்பான் மூன்றிலும் போருக்குப் பின் நிலச்சீர்திருத்தம் நடந்து பெரிய நிலக்காரர்களின் முதுகெலும்பு முறிந்திருந்தது. பிலிப்பைன்ஸில் அது நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஏழு படிகள் ஐந்தாகக் குறைந்திருந்தன. "ஐந்தே ஆண்டுகளில்" என்பது "பத்து ஆண்டுகளில்" ஆகியிருந்தது.

"ஆளு எப்படி சார் இருக்காரு?" என்று எடிட்டரிடம் கேட்டாள், வானிலை விசாரிப்பது போல.

"எந்த ஆளு? எனக்கு யாருன்னே தெரியாதே," என்றார் எடிட்டர். பிறகு, "நூலகத்துலயே குடியிருக்காருன்னு கேள்வி. சரியா சாப்பிடறதில்லையாம்."

"அடடா," என்றாள் டீச்சர். அன்றைக்கு அவளுக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இரண்டாவது அறிக்கையில் பாதுகாப்பு கொடுத்தால் போதுமா என்று கேட்டாள். மலேசியா தன் சொந்தக் காரைப் பல காலம் சுங்கவரியால் பொத்திப் பொத்தி வளர்த்தது. கார் உள்ளூரில் ஓடியது; உலகச் சந்தையில் பெரிதாக ஓடவில்லை. கொரியாவின் கார் மட்டும் எப்படி ஓடியது? "இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்."

மலேசியாவும் சேர்ந்து வந்தது. மூன்றாவது அறிக்கையில் காலத்தைப் பற்றிக் கேட்டாள். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தன் சந்தையைத் திறந்துவிட்டு, இவர்கள் தங்கள் சந்தையை மூடிக்கொண்டதைக் கண்டும் காணாமல் இருந்தது. இன்றைக்கு உலக வர்த்தக அமைப்பின் விதிகள், மிகவும் பின்தங்கிய நாடுகளைத் தவிர மற்றவர்கள் ஏற்றுமதியை நிபந்தனையாக வைத்து மானியம் கொடுப்பதைத் தடுக்கின்றன. உள்நாட்டுப் பாகங்களைத்தான் வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் விடுவதில்லை. படிகளைச் சொன்னவர், அதில் எத்தனை படிகளை யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லவில்லையே? கொரியாவிலும் தைவானிலும் தொழிற்சங்கங்களின் வாயைக் கட்டித்தானே இது நடந்தது; அதையும் நகலெடுக்கச் சொல்கிறாரா? வேறு பாதையில், வேறு கருவிகளால், வாக்குச்சீட்டையும் விடாமல் வளர்ந்தவர்கள் உண்டா? "இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்."

மொரிஷியஸையும் போட்ஸ்வானாவையும் சேர்த்துக்கொண்டு கட்டுரை திரும்பி வந்தது. ஒன்று கேட்டால் இரண்டு. முதலாவது சர்க்கரையில் வந்த லாபத்தோடு ஏற்றுமதி மண்டலங்களை வளர்த்தது. இரண்டாவது வைரத்தில் வந்த பணத்தைத் திருட்டுப்போகாமல் நிர்வகித்தது, ஆனால் தொழிற்சாலைகள் அவ்வளவாக முளைக்கவில்லை. இரண்டிலும் தேர்தல் நடந்தது. "நகலெடுக்க முடிவது பாகங்களை அல்ல, பாகங்களுக்கு இடையே இருக்கும் உறவை. அதையும் ஒவ்வொரு நாடும் தன் கையில் கிடைத்ததைக் கொண்டே செய்தது" என்று ஒரு வாக்கியம் இருந்தது.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். நல்ல வாக்கியம். எதிரியின் தட்டில் கல்லைப் போடப் போட அவன் அதை மென்று ஜீரணித்துப் பலசாலி ஆகிக்கொண்டிருந்தான். சும்மா பாதுகாப்பைக் கொடுக்காமல், ஒவ்வொரு தவணைக்கும் இலக்கு வைத்து, எட்டினால்தான் அடுத்தது என்று அவள் அவரை நடத்திக்கொண்டிருந்தாள். கொரியா தன் தொழிற்சாலைகளை நடத்தியதும் இப்படித்தான். பழி என்று நினைத்துத் தொடங்கியது தொழிற்கொள்கையாகப் போய்க்கொண்டிருப்பது உறைத்தபோது, டீச்சர் கட்டுரையை மேஜையில் ஓங்கி அடித்தாள். டீ கொட்டியது.

ஆண்டு முடிய அதிக நாள் இல்லை. இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் இடம் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பிளாஸ்டிக் பைப் செய்கிற தொழிற்சாலை வைத்திருப்பவன். தொழில் தொடங்கிய நாள் முதல் மலிவுக் கடனிலும் இறக்குமதி வரியின் நிழலிலும் சௌக்கியமாக இருப்பவன். வந்ததும் செருப்பை ஒரு பக்கம், சாவியை ஒரு பக்கம் வீசிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"என்னக்கா, முகம் ஒரு தினுசா இருக்கு. யாரு குடும்பத்தைக் கெடுக்கப் பிளான் போட்டுக்கிட்டு இருக்கே?"

"சாப்பிட்டுக்கிட்டே பதில் சொல்லு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டா. உனக்குக் கடன் குடுக்கும்போது ஏற்றுமதி இலக்கு வெச்சாங்கல்ல?"

"வெச்சாங்க. அழகா ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கேன்."

"எட்டினியா?"

"என்னக்கா நீ, வீட்டுக்கு வந்தவனை அவமானப்படுத்தறே."

"எட்டலன்னா என்ன ஆவும்?"

"ஒரு கடுதாசி வரும். நான் ஒரு ஃபோன் பண்ணுவேன். அப்புறம் கடுதாசி வராது."

"யாருக்குடா ஃபோன்?"

"முதலாளிகள் சங்கத் தலைவருக்குத்தான். அவரு அமைச்சகத்துக்குப் பேசுவாரு. இனிமே அதுகூட வேணாம். புது வாரியம் வருது இல்ல? அதுல அவருதான் துணைத்தலைவர். நாங்களே எங்களுக்குக் கடுதாசி எழுதிக்கலாம்." தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "ஏன்க்கா, மானியத்தைத் திருப்பிக் கேக்கறதுன்னா அதுக்கு எதுக்கு மானியம்னு பேரு?"

டீச்சர் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் மேல் அவளுக்கு அன்று வழக்கத்தைவிட அதிகப் பாசம் வந்தது. காரணம் தெரியாமல் அவன் கொஞ்சம் பயந்தான்.

அன்று பிற்பகலே நான்காவது அறிக்கையை எழுதினாள்.

"கொரியா கொடுத்ததைப் பற்றிக் கட்டுரையாளர் நிறைய எழுதிவிட்டார். பிடுங்கியதைப் பற்றி எழுதவில்லை. வங்கிகள் அரசின் கையில் இருந்தன. ஏற்றுமதி இலக்கைத் தவறவிட்ட நிறுவனத்துக்குக் கடன் நின்றது, அது எவ்வளவு வேண்டிய ஆளாக இருந்தாலும் பெரும்பாலும் நின்றது. முதலாளியோடு நெருங்கிப் பேசவும் வேண்டும், அவன் சட்டைப்பைக்குள் போய்விடவும் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். ஆகவே ஒரு நாட்டால் இதை நகலெடுக்க முடியுமா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: இலக்கைத் தவறவிட்டதற்காக அந்த அரசு சலுகையை நிறுத்திய ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியைக் கட்டுரையாளர் ஏழு நாட்டையும் கேட்கலாம். தான் உட்கார்ந்திருக்கிற நாட்டைக் கேட்காமல் விட்டால் வாசகர் சிரிப்பார். இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்."

இது கண்ணி. டீச்சருக்குத் தெரியும். எழுத மறுத்தால் கட்டுரை ஏறாது, நாற்காலி போச்சு. பூசி மெழுகினால் அவள் திருப்தி அடையமாட்டாள், நாற்காலி போச்சு. உள்ளதை எழுதினால் அமைச்சகம் படிக்கும். நாற்காலி அப்போதும் போச்சு. எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மூன்றாவது கதவைத் திறந்தார். திறந்தது மட்டும் இல்லை, கதவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். கட்டுரையின் கடைசிப் பகுதி எட்டுப் பக்கம் நீண்டிருந்தது. இந்த நாட்டில் சலுகை நிறுத்தப்பட்ட பெரிய நிறுவனம் ஒன்றுகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கடனை நிறுத்தும் அதிகாரம் இல்லாமலும், முதலாளிகள் சங்கத் தலைவரைத் துணைத்தலைவராக வைத்துக்கொண்டும் அமையப்போகிற வாரியம், ரிப்பன் வெட்டும் குழுவாகவே முடியும் என்று எழுதியிருந்தார். இதை மாற்றினால் நகலெடுக்க முடியும், மாற்றாவிட்டால் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டவர்கள் ஆவோம் என்று முடித்திருந்தார். எத்தனை ஆண்டுகளில் என்று எங்கேயும் சொல்லவில்லை.

டீச்சர் "ஏற்கலாம்" என்று எழுதினாள். அதைத்தான் எழுத வேண்டியிருந்தது. அதைத்தான் எழுத ஆசைப்பட்டாள். இரண்டும் ஒன்றாக அமைவது அவளுக்கு அபூர்வம்.

*

கட்டுரை வெளியாயிற்று. அதைப் படித்து அமைச்சகம் வாரியத்தை மாற்றும் என்று பேராசிரியர் எதிர்பார்த்தார். அமைச்சகம் தலைவரை மாற்றியது. ஆண்டுக் கடைசியில் வந்த அறிவிப்பில் வடக்குப் பகுதிக்காரனின் பெயர் இருந்தது. மதிப்பீடு செய்யப்பட்ட கட்டுரை வேண்டும் என்ற விதிக்கு, பதவி ஏற்றபிறகு எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு விளக்கக் குறிப்பு வந்தது.

அன்றைக்கு டீச்சர் கல்லூரியில் நுகர்வோர் உபரி என்ற பாடத்தைப் பாட்டுப் பாடாத குறையாக நடத்தினாள். கடைசி வரிசை கொட்டாவியை மறந்தது.

அடுத்த வாரம் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் ஐந்தாண்டு எதிரே வந்தார். இளைத்திருந்தார். முகம் தொங்கிப்போயிருக்கும், அதை நின்று நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் அவள் அந்தப் பக்கம் போயிருந்தாள். முகம் தொங்கவில்லை.

"அடடே, நீயாம்மா! மாலைக் கல்லூரியிலதானே இருக்கே? என் கட்டுரை படிச்சியா?"

"படிச்சேன் சார். வாரியம் விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்." வருத்தம் என்ற சொல்லை வெல்லக்கட்டி மாதிரி வாயில் வைத்திருந்தாள்.

"அது கிடக்கட்டும்மா. நாற்காலிதானே. ஆரம்பத்துல ரெண்டு நாள் வயிறு எரிஞ்சுது. அப்புறம் எடுத்து மறுபடியும் படிச்சுப் பாத்தேன். என் வாழ்க்கையில நான் எழுதின உருப்படியான ஒரே சமாச்சாரம் அதுதான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மதிப்பீட்டாளர் யாருன்னு தெரியல. பெரிய ஆளு. என்னைப் போட்டுப் பிழிஞ்சு எடுத்துட்டாரு. கொலைகாரன்னு திட்டியிருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவையும் சரியான இடத்துல கை வெச்சாரு."

"அப்படியா சார்?"

"உன் ஆய்வேட்டுக்கெல்லாம் அப்படி ஒருத்தர் கிடைச்சிருந்தா நீ எங்கேயோ போயிருப்பே."

"எனக்கு நீங்கதானே சார் கிடைச்சீங்க," என்றாள்.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். "ஒவ்வொரு அறிக்கையையும் ஒரே வரியில முடிப்பாரு. 'இன்னும் ஒரு நாடு சேர்க்கவும்.' என்ன ஒரு வரி பாரு! இப்ப என் மாணவங்களுக்கு நானும் அதையே எழுத ஆரம்பிச்சிட்டேன்."

டீச்சர் அவர் கண்ணையே பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், அன்றைக்குப் போலவே. அதற்குப் பின்னால் ஒரு மினுக்கம், ஒரு கூச்சம், எங்கோ ஒரு பழைய மதியத்தின் நிழல் வருமா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. நான்கு முறை அவருடைய சொந்தக் கத்தியாலேயே குத்தியும், கத்தி யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் இளமையைத் தின்ற வரி அவருக்கு ஞாபகமே இல்லை. எழுதும்போதும் யோசித்து எழுதியிருக்க மாட்டார்.

"நல்ல வரி சார்," என்றாள். "யாரோ எப்பவோ எழுதினதா இருக்கும்."

*

தம்பி மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். தொழிற்சாலைக்கு இரண்டாவது கடன் கிடைத்திருந்தது.

"அக்கா, நீ என்ன பண்ணினியோ எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். பழைய ஆளு வந்திருந்தா எங்க கதி அதோகதி. கடைசியா என்னமோ கட்டுரை எழுதினாராமே, சங்கத்துல படிச்சுட்டு எல்லாருக்கும் வேர்த்துப்போச்சு. இலக்கு கிலக்குன்னு கிளம்பியிருப்பாரு. இப்ப வந்திருக்கறவரு தங்கமான மனுஷன். எதுவுமே கேக்கறதில்ல."

டீச்சர் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"உங்க இலக்கு?"

"ஃப்ரேமை மாத்தச் சொல்லியிருக்கேன். தேக்குல."

இந்த நாட்டில் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியான ஒரு ஆளை ஒரு வருஷம் முழுக்கப் பாடுபட்டு உருவாக்கியவள் அவள். உருவாக்கிய கையோடு அவரை அங்கே போகவிடாமல் செய்தவளும் அவள். முதல் கட்டுரையோடு போயிருந்தால் அவர் உதவாக்கரைத் தலைவர் ஆகியிருப்பார். அவர் தேறினார், நாற்காலி அவருக்கு எட்டாமல் போயிற்று. பழி என்று பார்த்தால் ஒரு குறையும் இல்லாத வேலை. அதைச் செய்து முடித்தவள் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பசி இல்லாதது வருத்தத்தால் இல்லை. அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன், அவளுக்கு வரவேண்டிய நிரந்தர வேலையில் முன்பு உட்கார்ந்தவனும் அவன்தான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒரே ஆள் அவளை இரண்டு முறை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், இரண்டாவது முறை அவளே நாற்காலியை இழுத்துப்போட்டிருந்தாள்.

எடிட்டரின் தொலைபேசி மறுநாள் வந்தது. படியேறினாள், இருமல் மருந்து வாசனையும் ஏறியது. மேஜையில் புதுக் கட்டுரை. தலைப்பு, "வளர்ச்சி அரசு: ஐந்து எளிய வழிகள்." வடக்குப் பகுதி இரண்டாவது பக்கத்திலேயே வந்துவிட்டது.

"யாரு எழுதினதுன்னு தெரியாது," என்றார் எடிட்டர். "பதவி ஏத்தவங்க யாரோ அவசரமா கேக்கறாங்க. நீங்க பாக்கறீங்களா?"

டீச்சர் பக்கங்களைப் புரட்டினாள். மூன்று நாடுகள், மூன்றும் ஜெயித்தவை. சலுகை நிறுத்தம் பற்றி ஒரு வரி இல்லை. பேனாவை எடுக்கக் கை துறுதுறுத்தது. பிறகு கட்டுரையைத் திருப்பி எடிட்டர் பக்கம் தள்ளினாள்.

"நான் பாத்தா தப்பு சார். தம்பிக்கு அந்த வாரியத்து மூலமாத்தான் கடன் கிடைச்சிருக்கு. சொந்தபந்தம்."

எடிட்டர் அவளை வியப்போடு பார்த்தார். இத்தனை நேர்மைக்கு அவர் அறையில் பழக்கம் இல்லை. "அப்ப யாருகிட்ட அனுப்பறது? இந்தப் பொருள்ல உண்மையா கேள்வி கேக்கறவங்க இந்த நாட்டுல யாரு இருக்காங்க?"

"ஐந்தாண்டுக்கு அனுப்புங்க," என்றாள் டீச்சர்.

"அவருடைய சொந்த மாணவன்..." என்று தொடங்கிய எடிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எழுதினது யாருன்னு எனக்கு மறந்துபோச்சு. ஆனா அவரு விட்டுக் குடுத்துடுவாரோன்னு பயம்."

"குடுக்க மாட்டாரு. அவரு இடத்துலதானே இந்த ஆளு உட்கார்ந்திருக்கான்." டீயைக் கையில் எடுத்தாள், ஒரு மடக்கு குடித்தாள். "அதோட, அவருக்கு இப்ப எங்கே கை வெக்கணும்னு தெரியும் சார். நல்லா பயிற்சி குடுத்து வெச்சிருக்கு."

எடிட்டர் கட்டுரையை உறையில் போட்டு, பெயர் இருந்த பக்கத்தைத் தனியே எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். டீச்சர் கடைசி மடக்கைக் குடித்து முடிக்கும் வரை நிதானமாக உட்கார்ந்திருந்தாள். மாலை வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது.